ஆச்சரியக்குறி இல்லாமல் அன்பாக எழுதுவது: கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலிலும், சுற்றியுள்ள வட்டக்கானல், வில்பட்டி, பெருமாள்மலை, பூம்பாறைப் பக்கங்களிலும் ஹோம்ஸ்டே, காட்டேஜ் நடத்துபவர்களுக்கு, வாட்ஸ்ஆப்பில் விருந்தினருக்குப் பதில் எழுதும்போது வருகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம்.

"வாங்க வாங்க!!!"ன்னு போட்டா என்னங்க தப்பு? சந்தோஷமாத்தானே கூப்பிடறோம்?

நேரில் "வாங்க வாங்க" என்று சொல்லும்போது முகமும் குரலும் கூடவே வருகின்றன. எழுத்தில் அவை வராது. அந்த இடத்தை மூன்று குறிகளால் நிரப்பப் பார்க்கிறோம். டிசம்பருக்கு அறை தேடுகிறவர் ஒரே சாயங்காலத்தில் நாலைந்து இடங்களுக்கு எழுதியிருப்பார். எல்லாரிடமிருந்தும் அதே "வாங்க!!!" வரும்போது, எந்த வீட்டுக்காரர் உண்மையிலேயே மகிழ்ந்தார் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சிக்கல் மறுநாள் வரும். முதல் செய்தியில் மூன்று குறி போட்டுவிட்டு, அட்வான்ஸ் வந்ததும் "பணம் வந்தது. நன்றி." என்று எழுதினால், அந்தச் சாதாரண வரி கோபமாக எழுதியதுபோலத் தெரியும். தொடக்கத்தில் அளவை ஏற்றிவிட்டால் கடைசிவரை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது சிக்கல் தமிழுக்கே உரியது. ஏவல் வினைக்குப் பின்னால் இந்தக் குறி வந்தால் அது அதட்டலாகக் கேட்கும். "6 மணிக்குள்ள வந்துடுங்க!" என்பதை அன்பாக எழுதியதாக நாம் நினைப்போம். படிக்கிறவருக்கு விடுதி வார்டன் பேசுவதுபோல இருக்கும்.

குறி போடாம எழுதினா மொட்டையா இருக்கே. அப்போ நம்ம சந்தோஷம் எப்படித் தெரியும்?

மொட்டையாக இருப்பதற்குக் காரணம் குறி போனது இல்லை. குறியை எடுத்த பிறகு மிஞ்சிய வரியில் அந்த விருந்தினருக்கென்று எதுவுமே இல்லை என்பதுதான். "ரூம் இருக்கு, வாங்க" என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். "நீங்க கேட்ட மாதிரி கீழ்த்தளத்து ரூமே இருக்கு, வாங்க" என்ற வரியை ஒருவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். அவர் எழுதியதை முழுக்கப் படித்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. எழுத்தில் உற்சாகம் என்று விருந்தினர் உணர்வது பெரும்பாலும் இந்தக் கவனத்தைத்தான்.

அதோடு, அவருக்காக நீங்கள் செய்துவிட்ட அல்லது செய்யப்போகிற ஒரு வேலையைச் சொல்லுங்கள். அவர் கேட்காத, ஆனால் அவருக்குப் பயன்படுகிற ஒரு தகவலையும் சேருங்கள். இந்த மூன்றும் ஒரு செய்தியில் இருந்தால், "ரொம்ப சந்தோஷம்" என்ற சொல்லே இல்லாவிட்டாலும் சந்தோஷம் தெரியும். அந்தச் சொல்லைச் சேர்க்க விரும்பினால் ஒரு முறை சேருங்கள். அப்போது அதற்கு எடை இருக்கும்.

சும்மா சொன்னா புரியல. ஒரு முழு மெசேஜை எடுத்து மாத்திக் காட்டுங்களேன்.

விருந்தினரிடமிருந்து இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். டிசம்பர் 26ல இருந்து 28 வரைக்கும் ரூம் இருக்கா? மதுரையில இருந்து கார்ல வர்றோம். நாங்க ரெண்டு பேர், ரெண்டு குழந்தைங்க, எங்க அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது."

வழக்கமாகப் போகும் பதில்:

"வணக்கம் மேடம்!!! எங்கள் இல்லத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க மிக்க நன்றி!! ரூம் இருக்கு!! அருமையான வியூ, சூப்பரான சாப்பாடு!! உங்க ஃபேமிலிக்கு மறக்க முடியாத அனுபவமா இருக்கும்!! உடனே அட்வான்ஸ் அனுப்பி கன்ஃபர்ம் பண்ணிடுங்க!!"

இதில் பதிமூன்று குறிகள் இருக்கின்றன, அம்மாவின் முட்டி வலி இல்லை. அவர் எதற்காகக் கவலைப்பட்டு எழுதினாரோ அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. திரும்பவும் கேட்க வேண்டும். பலர் திரும்பக் கேட்க மாட்டார்கள், அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். அவர் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் அந்த நன்றியும் பொய்யாகிவிடுகிறது. மாற்றி எழுதினால்:

"வணக்கம்மா. டிசம்பர் 26, 27 ரெண்டு ராத்திரிக்கும் கீழ்த்தளத்து ரூம் இருக்கு. கார் நிக்கிற இடத்துல இருந்து ரூம் வரைக்கும் படி கிடையாது. வாசல்ல ஒரு நிலைப்படி மட்டும் நாலு விரல் உயரத்துக்கு இருக்கும். பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட்தான், பக்கத்துல பிடிச்சுக்கக் கம்பி இருக்கு. அந்த வாரம் ராத்திரி குளிர் பத்து டிகிரிக்குக் கீழ போகலாம், அம்மாவுக்குன்னு ரெண்டு கம்பளி கூடுதலா எடுத்து வைக்கிறோம். மதுரையில இருந்து மூணரை, நாலு மணி நேரம் ஆகும். காட்ரோடு தாண்டினதும் வளைவு ஆரம்பிச்சிடும், குழந்தைங்களுக்கு அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே லேசா ஏதாவது கொடுங்களேன். கார்ல வர்றதால இ-பாஸ் எடுக்கணும், epass.tnega.org-ல கிடைக்கும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இந்த ரூமை உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

முதல் வரியிலேயே கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அடுத்த மூன்று வரிகள் அம்மாவுக்காக மட்டும். நாலு விரல் நிலைப்படியைச் சொன்னதைக் கவனியுங்கள். படியே கிடையாது என்று முடித்திருந்தால் இன்னும் கவர்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் வந்து இறங்கியதும் அம்மா அந்த நிலைப்படியில் தடுமாறினால், நீங்கள் எழுதிய மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். சின்னக் குறையை நாமே முதலில் சொல்லும்போது, நல்லது என்று சொல்வதையும் நம்புவார்கள்.

கம்பளியும் வளைவும் அவர் கேட்காதவை. நம் மகிழ்ச்சி அங்கேதான் தெரிகிறது. கடைசி வரியில் "உடனே" என்ற நெருக்கடி இல்லை, ஆனால் எதுவரைக்கும் என்ற எல்லை இருக்கிறது. "சீக்கிரம் சொல்லுங்க, நிறைய பேர் கேக்கறாங்க" என்று எழுதுவதைவிட இது கண்ணியமானது. உங்களுக்கும் நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல் அறையை வேறு ஒருவருக்குக் கொடுக்கும் உரிமை இருக்கும்.

இங்கிலீஷ்ல ஒரு "வெரி ஹாப்பி"ல முடிஞ்சிடுது. தமிழ்ல குறி இல்லாம அந்த அழுத்தம் எப்படிக் கொண்டு வர்றது?

தமிழில் அழுத்தம் சொல்லுக்குள்ளேயே உட்காரும். இந்தக் குறியே அச்சு வந்த பிறகு ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்து சேர்ந்ததுதான். அதற்கு முன்பு உணர்ச்சியைச் சுமந்தவை இடைச்சொற்களும் வினைமுடிவுகளும். ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது, அவற்றில் முதலாவது தேற்றம், அதாவது உறுதி. "இன்னைக்கே அனுப்பறேன்", "நாங்களே பஸ் ஸ்டாண்டுக்கு வர்றோம்", "நீங்க கேட்ட ரூமே இருக்கு" ஆகிய மூன்றிலும் அந்த ஒரு எழுத்துதான் வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், வரி உடனே சோர்ந்துவிடும்.

துணைவினைகள் இன்னும் நுட்பமானவை. "எடுக்கிறோம்" வெறும் தகவல். "எடுத்து வைக்கிறோம்" என்றால், உங்களுக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்கிறோம் என்று பொருள் வந்துவிடும். "இட்லி கட்டுறோம்" என்பதற்கும் "இட்லி கட்டிக் கொடுக்கிறோம்" என்பதற்கும் உள்ள தூரமும் அதுதான். காலை 6 மணிக்குக் கிளம்புகிறவருக்கு "வழிக்கு இட்லி கட்டிக் கொடுக்கிறோம்" என்று எழுதினால் அதற்கு மேல் உற்சாகம் காட்டத் தேவையே இருக்காது.

"விடு" என்ற துணைவினையில் மட்டும் கவனம் வேண்டும். அது உங்கள் வினையில் வந்தால் வாக்குறுதி: "இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பிடறேன்." விருந்தினரின் வினையில் வந்தால் உத்தரவு: "இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பிடுங்க." அவர் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது "முடிஞ்சா இன்னைக்கு அனுப்புங்களேன்" என்று எழுதலாம். அந்த "-ங்களேன்" நம் மொழியில் மிக அருமையான முடிவு. ஆசையும் மரியாதையும் இருக்கும், கட்டாயம் இருக்காது. "சாயங்காலம் கோக்கர்ஸ் வாக் பக்கம் ஒரு நடை போய்ட்டு வாங்களேன்" என்பதில் எத்தனை குறி போட்டாலும் வராத இதம் இருக்கிறது.

ஏகாரத்தை வரிக்கு வரி போட்டுவிடாதீர்கள். ஒரு செய்தியில் இரண்டு இடம் போதும். அதற்கு மேல் போனால் இதுவும் ஆச்சரியக்குறி மாதிரியே தேய்ந்துவிடும்.

"தயவுசெய்து" போட்டா மரியாதைதானே? சில பேர் அதுக்குக் கூட முறைச்சுக்கறாங்க.

பேச்சில் நாம் அந்தச் சொல்லைச் சொல்வது அபூர்வம். அது நம் கண்ணில் படுவது பெரும்பாலும் அறிவிப்புப் பலகைகளில்: தயவுசெய்து பூக்களைப் பறிக்காதீர்கள், தயவுசெய்து வரிசையில் நிற்கவும். அதனால் செய்தியில் வரும்போதும் பலகையின் குரல்தான் கேட்கிறது. "தயவுசெய்து ஆதார் நகல் அனுப்பவும்" என்பதற்குப் பதிலாக "செக்-இன் சீக்கிரம் முடிய ஆதார் நகல் ஒண்ணு முன்னாடியே அனுப்பினீங்கன்னா நல்லா இருக்கும்" என்று எழுதுங்கள். காரணத்தைச் சொல்லிவிட்டால் மரியாதை தானாக வந்துவிடும். "கொஞ்சம்" என்ற சொல்லும் தணிக்கும்: "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

பிளாஸ்டிக் விஷயத்தில் இது அதிகம் உதவும். "தயவுசெய்து பிளாஸ்டிக் கொண்டு வராதீர்கள்!" என்றால் வரும் முன்பே திட்டு வாங்கியதுபோல இருக்கும். "மலையில சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை இருக்கு. வீட்ல இருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டு வாங்க, கொதிக்க வச்ச தண்ணி இங்க எப்பவும் இருக்கும்" என்று எழுதினால் தடை உபசரிப்பாக மாறிவிடும்.

எப்படிக் கூப்பிடறது? மேடம், சார், அம்மா, அண்ணா... எது சரி? நீங்களா, தாங்களா?

முதல் செய்தியில் உறவுமுறை வேண்டாம். "வணக்கங்க" எல்லாருக்கும் பொருந்தும். மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பெண்களுக்கு "வணக்கம்மா" இயல்பாக இருக்கும். அவரே "அண்ணா", "அக்கா" என்று அழைத்துவிட்டால் நீங்களும் அந்த வழியில் போகலாம். நாமே முதலில் அண்ணா என்று தொடங்கினால், பழகும் முன்பே தோளில் கைபோட்ட மாதிரி சிலருக்குப் படும். "சார்" தவறில்லை, வரிக்கு ஒரு "சார்" வந்தால்தான் கெஞ்சலாகிவிடும். ஒரு செய்திக்கு ஒன்று போதும்.

"தாங்கள்", "தங்களது மேலான வருகை" இரண்டும் திருமண அழைப்பிதழில் அழகு. வாட்ஸ்ஆப்பில் வந்தால் எழுதியவர் எட்ட நிற்கிறார் என்று தோன்றும். அதைவிடப் பெரிய சிக்கல் கலப்பு. முதல் வரி "தங்களது பதிவு உறுதி செய்யப்பட்டது" என்று இருந்து, மூன்றாவது வரி "ஓகேங்களா" என்று இருந்தால், இரண்டு பேர் எழுதியதுபோல இருக்கும். பேச்சு நடையில் தொடங்கினால் கடைசிவரை அதிலேயே இருங்கள். கணக்கு, விதிமுறை போன்றவற்றை மட்டும் தனிச் செய்தியாக எழுத்து நடையில் அனுப்புங்கள்.

ஸ்மைலி போடலாமா?

விருந்தினர் முதலில் போட்டால் ஒன்று போடலாம். பணம், நேரம், விதி சொல்லும் வரிகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். "அட்வான்ஸ் திருப்பித் தர முடியாதுங்க" என்பதற்குப் பக்கத்தில் சிரிக்கும் முகம் வந்தால் அது கேலியாகப் படும். கைகூப்பும் படம் வணக்கத்துக்கும் நன்றிக்கும் பொருந்தும், ஆனால் அதையும் வரிசையாக ஐந்து போட்டால் முதல் கேள்வியில் சொன்ன கதைதான்.

எங்க வியூ நிஜமாவே சொர்க்கம் மாதிரி இருக்கும். அதை அப்படியே எழுதினா என்ன?

உங்களுக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. சொர்க்கத்தை அவர் பார்த்ததில்லை. அவர் கண்ணில் வரவேண்டியது ஜன்னலுக்கு வெளியே இருப்பது: "படுக்கையில உக்காந்தபடியே கீழ பள்ளத்தாக்கு தெரியும். காலையில ஏழு மணி வாக்குல வெயில் நேரா அந்த ஜன்னல்லதான் விழும்." இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எழுதியவருக்கு அந்த ஜன்னல் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிகிறது.

கொடைக்கானலில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே காட்சி நம் கையில் இல்லை, பனிமூட்டத்தின் கையில் இருக்கிறது. பில்லர் ராக்ஸுக்குப் போய் அரைமணி நேரம் நின்று வெள்ளையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். "அற்புதமான வியூ" என்று எழுதி அனுப்பினால், மூட்டம் வந்த அன்று அது உங்கள் பொய்யாகிவிடும். "மத்தியானத்துக்கு மேல மூட்டம் ஏறிடுறது வழக்கம், அதனால பில்லர் ராக்ஸை காலையிலேயே வச்சுக்கோங்க. அன்னைக்கும் தெரியலைன்னா மறுநாள் காலையில இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம்" என்று எழுதினால், மூட்டம் வந்தாலும் உங்கள் சொல் நிற்கும். வானிலை, காட்சி, விலங்கு, பூ இவற்றைப் பற்றி உறுதி கொடுக்காதீர்கள். சுடுதண்ணீர், கம்பளி, சாப்பாட்டு நேரம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் தாராளமாக உறுதி கொடுங்கள். உற்சாகத்தை உங்கள் கையில் இருப்பவற்றில் காட்டுங்கள்.

அவங்க ஆசையா "குறிஞ்சி பாக்கலாமா?"ன்னு கேக்கறாங்க. இல்லைன்னு சொன்னா உற்சாகம் போயிடுமே?

இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், மழுப்பினால்தான் பிறகு மனம் கசக்கும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. இங்கே 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்த முறை 2030. அதைச் சொன்ன கையோடு, அவருடைய ஆசைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைக் காட்டுங்கள்:

"குறிஞ்சி இந்த வருஷம் இல்லைங்க, 2018ல பூத்தது, இனி 2030லதான். ஆனா குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் காலையில போய்ப் பாருங்களேன். வானம் தெளிவா இருந்தா அங்க இருந்து பழனி மலை தெரியும்."

"மன்னிக்கணும், வருந்துகிறோம்" எதுவும் இங்கே வேண்டாம். பூ பூக்காதது நம் தவறில்லை. தவறு இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால், உண்மையாகவே மன்னிப்புக் கேட்க வேண்டிய நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

சீசன்ல ரூமே இல்லை. "சாரி, ஃபுல்"னு போட்டா போதாதா?

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இதை எழுத வேண்டியிருக்கும், அலுப்பு வருவது நியாயம். ஆனாலும் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும். "மே 10, 11 ரெண்டு நாளும் நிரம்பிடுச்சுங்க. 13ஆம் தேதியில இருந்து ஒரு ரூம் இருக்கு, அப்ப வர முடியுமான்னு பாருங்க" என்று தேதியோடு சொல்லுங்கள். வேறு தேதியும் இல்லையென்றால், நீங்கள் நம்பி அனுப்பக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை, அவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லை என்ற பதிலை நீட்டிப் புலம்பாமல் உடனே சொல்வதே பெரிய உதவி. அவர் இன்னும் மூன்று இடம் கேட்க வேண்டும்.

வாட்ஸ்ஆப் பிசினஸ்ல ரெடிமேட் பதில் வச்சிருக்கோம். அதுல எப்படி அன்பு வரும்?

மாறாத தகவலை மட்டும் அதில் வையுங்கள்: வழி, இ-பாஸ், செக்-இன் நேரம், சாப்பாட்டு விலை. "/" தட்டினால் வரும் அந்தச் சுருக்கங்களுக்கு /vazhi, /epass என்று பெயர் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். வணக்கத்தையும் முதல் இரண்டு வரியையும் ஒவ்வொரு முறையும் கையால் எழுதுங்கள். நேரத்தை மிச்சப்படுத்த வேண்டியது வழி சொல்வதில்.

இன்னொன்று: ரெடிமேட் பதிலில் உணர்ச்சிச் சொல் எதுவும் இருக்கக்கூடாது. ஒரே குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் தனித்தனியாக விசாரித்து, இருவருக்கும் "உங்கள் வருகை எங்கள் பாக்கியம்" என்று ஒரே வரி போனால், அது ஒட்டியது என்று தெரிந்துவிடும். ஒரே வழித்தடம் இருவருக்கும் போனால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

நல்லா இருந்துச்சுன்னு ரிவியூ போட்டவங்களுக்கு "மிக்க நன்றி, மீண்டும் வருக"ன்னு போடறோம். அது போதாதா?

அவர் எழுதியதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூண்டுக் குழம்பைப் பாராட்டியிருந்தால் "பூண்டு பூம்பாறையில இருந்து வர்றது, அதான் அந்தக் காரம். பாட்டிகிட்ட நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினோம்" என்று எழுதலாம், உண்மையாகவே படித்துக் காட்டியிருந்தால். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பதையும் சொல்லலாம், ஆனால் ஒரே பதிலில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

"சுடுதண்ணி வரல, ஏமாத்திட்டாங்க"ன்னு கோபமா எழுதிட்டாங்க. இங்க எப்படிங்க உற்சாகமா பேசறது?

இங்கே உற்சாகம் வேண்டாம், கவனம் மட்டும் போதும். இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே முறையில், அவர் சொன்ன விஷயத்தையே திருப்பிச் சொல்லித் தொடங்குங்கள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தொடங்கினால் எரிகிற அடுப்பில் நெய் ஊற்றியதுபோல ஆகும். ஏனென்றால் அவர் சொன்னது கருத்து இல்லை, குளிரில் பச்சைத் தண்ணீரில் நின்ற அனுபவம்.

"27ஆம் தேதி காலையில உங்களுக்குச் சுடுதண்ணி வராதது எங்க தவறுதாங்க. அன்னைக்கு மின்சாரம் இல்லாதப்போ கீசர் ஓடல, அடுப்புல தண்ணி காய வச்சு நாங்களே கொண்டு வந்து கொடுத்திருக்கணும். இப்போ விறகு பாய்லர் ஒண்ணு பின்னாடி வச்சிருக்கோம், கரண்ட் போனாலும் தண்ணி கிடைக்கும். அன்னைய வாடகையில பாதியைத் திருப்பி அனுப்பறோம், நம்பர் மட்டும் அனுப்புங்க."

தேதி, காரணம், செய்திருக்க வேண்டியது, இப்போது செய்தது, கொடுப்பது என்று வரிசை போகிறது. காரணம் ஒரே வரியோடு நின்றுவிட வேண்டும். இரண்டாவது வரிக்குப் போனால் சாக்காகிவிடும். பாய்லர் இன்னும் வாங்கவில்லையென்றால் வாங்கப்போகிறோம் என்று எழுதாதீர்கள், வாங்கிய பிறகு எழுதுங்கள். அதுவரை திருப்பிக் கொடுக்கும் பணத்தை மட்டும் சொன்னால் போதும். ரிவியூவைப் படிக்கிற அடுத்த நூறு பேரும் இந்தப் பதிலைத்தான் பார்ப்பார்கள், ஆனால் அவர்களை நினைத்து எழுதாமல் குளிரில் நின்றவரை நினைத்து எழுதுங்கள்.

அவங்களே பத்து குறி, பதினஞ்சு ஹார்ட் போட்டு எழுதறாங்க. நாம மட்டும் அமைதியா எழுதினா திமிர்னு நினைக்க மாட்டாங்களா?

நினைக்க மாட்டார்கள், பதில் சீக்கிரமாகவும் விவரமாகவும் இருந்தால். துள்ளலோடு எழுதுகிறவர் எதிர்பார்ப்பது தன் துள்ளலுக்கு எதிரொலியை அல்ல. தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான். "எங்க பத்தாவது கல்யாண நாள்!!!!" என்று அவர் எழுதினால், "பத்தாவது வருஷமா, ரொம்ப சந்தோஷங்க. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டை வராந்தாவுலயே போடறோம், குளிருக்குப் பக்கத்துல தணல் சட்டி வைக்கிறோம்" என்று எழுதலாம். இந்தப் பதில் அமைதியானது. ஆனால் அவருடைய மகிழ்ச்சி அளவுக்கே மகிழ்ச்சி இதில் இருக்கிறது. அப்படியும் உங்களுக்குக் கை துறுதுறுத்தால் "ரொம்ப சந்தோஷங்க"வுக்குப் பின்னால் ஒரே ஒரு குறி போடுங்கள், பாதகமில்லை.

வர வேண்டியவங்க வீட்ல ஒருத்தர் தவறிட்டாங்கன்னு கேன்சல் பண்றாங்க. அட்வான்ஸ் விதியும் சொல்லணும், ஆறுதலும் சொல்லணும். எப்படி எழுதறது?

ஒரே செய்தியில் இரண்டையும் எழுத வேண்டாம். முதலில் ஆறுதல் மட்டும், அதுவும் மூன்று வரிக்குள். "ஆழ்ந்த இரங்கல்" என்பது சுவரொட்டியில் வரும் சொல்லாகிவிட்டது. "கேட்டு மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க" என்பதே போதும். இறந்தவர் யார் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த உறவைப் பெயரிட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் கேட்காதீர்கள்.

பணத்தைப் பற்றி அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் பணம் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். அதை அடுத்த செய்தியாக, அன்று சாயங்காலமோ மறுநாளோ அனுப்புங்கள். திருப்பித் தரப்போகிறீர்களா, வேறு தேதிக்கு மாற்றித் தரப்போகிறீர்களா என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். "பாக்கலாம்" என்று விட்டுவைத்தால் அவர் துக்கத்தோடு இதையும் சுமக்க வேண்டியிருக்கும். இப்படி:

"மாமாவைப் பத்திக் கேட்டு மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. இங்க எதைப் பத்தியும் யோசிக்காதீங்க, வீட்டைப் பாருங்க."

மறுநாள்:

"அட்வான்ஸ் 3,000 ரூபாயும் அனுப்பியாச்சுங்க. இதுக்குப் பதில் எழுத வேண்டாம்."